பஜனைப் பாட்டில் ஒரு ‘உம்’மைத் திருத்துவது எப்படி?

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை மாலை பஜனை உண்டு. பதினைந்து பேர் வருவோம், பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலும் என் தாத்தாவின் நோட்டிலிருந்துதான் பாடுவோம். அவர் கும்பகோணம் பக்கம் ஒரு பஜனை மடத்தில் பாடியவர். அந்த நோட்டில் யார் எழுதியது என்றே தெரியாத பண்டரிநாதன் பாட்டு ஒன்று இருக்கிறது. தஞ்சையை மராட்டியர் ஆண்டதால் அந்தப் பக்கத்து பஜனைகளில் மகாராஷ்டிரத்துப் பண்டரிபுரத்தின் சாமி அடிக்கடி வருவார்.

நீசப் புலையனு மேநின் நாமம்
பேசப் பிறவிக் கடலைத் தாண்டும்
மோசப் பெண்கள் வலையில் வீழா
நேசம் தருவாய் பண்டரி நாதா

முப்பது வருஷமாகப் பாடுகிறேன், ஒருநாளும் உறுத்தியதில்லை. போன மார்கழியில் புதிதாகச் சேர்ந்த ஓர் அக்கா முதல் வரியில் வாயை மூடிக்கொண்டார். மூன்றாம் வரி வந்தபோது பக்கத்திலிருந்த இன்னும் இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள். அப்புறம்தான் நோட்டைக் கண்திறந்து படித்தேன். புலையன் என்பது இன்றைக்கும் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் இருக்கும் ஒரு பெயர். அதை வசவாக வைத்து நாங்கள் ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தோம்.

நான் திருத்திய விதத்தைக் கீழே எழுதுகிறேன். குறில், நெடில், ஒற்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கை வைக்கலாமா என்று பாருங்கள்

தேவாரம், பிரபந்தம் பக்கம் போகாதீர்கள். அப்பர் பாடலில் ‘புலையரேனும்’ வருகிறது, திருமாலையில் ‘இழிகுலத்தவர்களேனும்’ வருகிறது. பிறப்பைத் தாண்டி அடியாரைக் கும்பிடச் சொல்லும் இடங்கள்தான் அவை, ஆனாலும் சொல் சொல்தான். அவற்றில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற எனக்கு உரிமை கிடையாது. சங்கடமாக இருந்தால் வேறு பாடலை எடுப்பேன். திருப்புகழில் பல பாடல்களின் முன்பாதி விலைமாதர் வர்ணனையாக இருக்கும். அங்கேயும் தேர்ந்தெடுத்துப் பாடுவதுதான் வழி, திருத்துவதல்ல.

நோட்டுப் பாட்டு, வாய்வழிப் பாட்டு என்றால் சரி, அவை எப்போதுமே கைக்குக் கை மாறித்தான் வந்திருக்கின்றன. எழுதியவர் யாரென்று தெரிந்தால், அவர் இறந்து அறுபது வருஷம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகவில்லையென்றால் குடும்பத்தாரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

2. அளவு எடுங்கள்

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஒற்றில் முடிகிற அசை குறிலானாலும் நெடிலானாலும் இரண்டு. சொல்லின் நடுவில் ஒற்று ஒட்டாமல் வரும் ஐகாரத்துக்கு ஒன்று. முதல் வரியை வெட்டினால் நீசப் / புலையனு / மேநின் / நாமம் என்று நாலு துண்டு, ஒவ்வொன்றும் நாலு. வரிக்குப் பதினாறு, ஆதி தாளத்தில் ஒரு சுற்று. நாலு வரியும் இதே கணக்கு. இதோடு எதுகையையும் குறித்துக்கொள்ளுங்கள்: நீச, பேச, மோச, நேச. முதலில் நெடில், அடுத்தது ‘ச’ வரிசை எழுத்து.

இதற்குச் செயலி எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று முயன்று பார்த்தேன், ஒட்டெழுத்தைக் கணக்கில் எடுக்காமல் சொதப்பின. கோடு போட்ட நோட்டு, பென்சில், தொடையில் தட்டிக்கொண்டே ‘தகதிமி’, இவை போதும். சொல் தேட சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இருக்கிறது, அதைத் தாண்டி எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. பாடிப் பார்த்ததைப் போனில் பதிவு செய்து மறுநாள் காலையில் கேளுங்கள். ராத்திரி எழுதியது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

3. ‘உம்’மைப் பிடியுங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. முதலில் கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு நல்ல வார்த்தையைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ‘ஏழை மனிதனு மேநின் நாமம்’ என்று எழுதினேன். எதுகை போய்விட்டது, பாடும்போது முதல் தட்டே கீழே விழுந்த மாதிரி இருந்தது. அப்புறம் இதைப் பிடித்தேன்:

காசில் லாதவ னும்நின் நாமம்

காசில் / லாதவ / னும்நின் / நாமம். அளவு சரி, எதுகை சரி, சாதியும் இல்லை. பெருமையாக இரண்டு வாரம் பாடினோம். மூன்றாவது வாரம் அதே அக்கா கேட்டார், “காசில்லாதவன்கூடத் தாண்டுவான்னா, காசிருக்கறவன் தாண்டறது சகஜம்னுதானே அர்த்தம்? எங்களை எடுத்துட்டு அந்த இடத்துல வேற ஆளை உட்கார வெச்சிருக்கீங்க, அவ்வளவுதான்.”

அவர் சொன்னது அப்படியே சரி. பள்ளியில் படித்த இழிவு சிறப்பும்மை ஞாபகம் வந்தது. இலக்கண உரைகளில் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டே ‘புலையனும் விரும்பாப் புன்புலால் யாக்கை’தான்! இழிவு அந்தப் பெயரில் மட்டும் இல்லை, பின்னால் ஒட்டியிருக்கும் ‘உம்’மிலும் இருக்கிறது. பெயரை மாற்றினாலும் ‘உம்’ அங்கேயே இருந்தால், அதற்கு முன்னால் யார் வந்தாலும் கீழேதான் நிற்பார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ‘உம்’, ‘ஏனும்’, ‘ஆகிலும்’ வரும் இடத்தில் ‘கூட’ போட்டு வாசியுங்கள். ‘இவன்கூட’ என்று ஓர் ஆளைச் சுட்டினால் அந்த வாக்கியத்தையே கலைக்க வேண்டும். ‘ஆணும் பெண்ணும்’ போன்ற எண்ணும்மையில் ‘கூட’ உட்காராது, அதை விட்டுவிடலாம்.

கலைத்துப் போட்டபின் வந்தது:

பாசக் கயிறறு மேநின் நாமம்
பேசப் பிறவிக் கடலும் வற்றும்

பாசக் / கயிறறு / மேநின் / நாமம். பழைய வரியில் ‘புலையனுமே’ என்று வந்த அதே ‘மே’ அதே தட்டில் விழுகிறது, ஆனால் இப்போது அது ‘கயிறு அறுமே’ என்ற வினை. நாக்குப் பழக்கம் கெடவில்லை. ‘கடலும்’ என்பதில் ‘கூட’ போட்டுப் பாருங்கள். அவ்வளவு பெரிய கடல்கூட வற்றும். ஆளைத் தாழ்த்திய உம்மை போய்க் கடலை உயர்த்தும் உம்மை வந்துவிட்டது. இதற்கு எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

4. பெண் வரி

இது அவ்வளவு கஷ்டமில்லை. ‘மோசப் பெண்கள் வலை’ என்பது ஆண் ஒருவன் தன் சபலத்தை எதிரில் இருப்பவர் தலையில் கட்டும் பேச்சு. பாடுகிறவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்கும்போது அந்த வரியை அவர்கள் யார் வாயாகப் பாடுவார்கள்? குற்றத்தைப் பாடுகிறவரின் பக்கம் திருப்புங்கள்.

முதலில் ‘ஆசைக் கண்ணின் வலையில்’ என்று எழுதினேன். என் மனைவி உடனே, “கண் வலைன்னா பழைய பாட்டுல யாரோட கண்ணு?” என்றாள். படிமத்துக்கு ஞாபகசக்தி அதிகம், சொல்லை எடுத்தாலும் பழைய ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். ‘பேய்’ என்று போட்டாலும் ‘பெண்ணாசைப் பேய்’ பின்னாலேயே வரும். கடைசியில் தேர்ந்தெடுத்தது:

காசுப் பித்தின் வலையில் வீழா
நேசம் தருவாய் பண்டரி நாதா

‘காசு’வுக்குப் பின்னால் அந்த ‘ப்’பை விட்டால் மூன்றுதான் வரும், தாளம் நொண்டும். தட்டச்சில் முதலில் காணாமல் போவது இந்த ஒட்டெழுத்துதான். பொருள் காமத்திலிருந்து பணத்துக்கு மாறிவிட்டது என்று ஒருவர் குறைப்பட்டார். மாறட்டும், ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் பித்து அது. பராமரிப்புப் பணம் பாக்கி வைத்திருக்கும் ஒருவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தது தனிக்கதை.

5. எதைத் துடைத்தோம் என்று பாருங்கள்

இங்கே முடித்திருப்பேன், அக்கா விடவில்லை. “வசவு போச்சு, சந்தோஷம். ஆனா கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவங்க இந்தப் பாட்டுல இருந்தாங்க, கேவலமாவாவது இருந்தாங்க. இப்போ இல்லவே இல்லை.”

பண்டரிபுரத்தைப் பற்றிப் பாடிக்கொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த, மகர் சாதியில் பிறந்த சோகாமேளர் அந்தச் சாமியைப் பாடியவர், உள்ளே விடப்படாதவர். அவர் சமாதி கோயிலின் பெரிய வாசலுக்கு எதிரே இருக்கிறது. அந்தக் கோயிலைத் தலித்துகளுக்குத் திறக்கச் சொல்லி மராத்தி எழுத்தாளர் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்தது 1947இல்.

அதனால் ஒரு கண்ணி சேர்த்தேன். முதல் வடிவம் ‘வாசற் படியே சோகா மேளர் / நேசத் தாலே கோயில் ஆகும்’. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் படியைப் புகழ்ந்து பாடினால், உள்ளே விடாதவர்களுக்கு அதைவிடச் சௌகரியம் என்ன இருக்கிறது? அடித்துவிட்டு எழுதினேன்:

வாசல் தாண்டிச் சோகா மேளர்
நேசம் கண்டே வந்தாய் நாதா

சாமி வாசலைத் தாண்டி வெளியே வருகிறார். சோகாமேளர் தாண்டியதாகவும் படிக்கலாம், அந்த இரட்டைப் பொருளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கண்ணியை எடுத்துக்கொடுப்பது அக்காதான்.

6. பாட வைப்பது

மனப்பாடமாகப் பாடுகிறவர்களிடம் புதுத் தாளைக் கொடுத்தால் பிரயோஜனமில்லை. முதல் வாரம் பாதிப்பேர் பழையது, பாதிப்பேர் புதியது, ஒரே சந்தைக்கடை. இரண்டு வாரம் ஒருவர் முன்பாட்டாகப் பாடி மற்றவர்கள் வாங்கிப் பாடுங்கள், நாக்கு திரும்பிவிடும். பாடும் தாளில் பழைய வரியை அடைப்புக்குள் போடாதீர்கள், கண் அதற்குத்தான் போகும். ஆனால் தாத்தா நோட்டில் நான் எதையும் அடிக்கவில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் தன் ஊர் பஜனைக்காக ‘மாசற் றெவரும் உன்றன் நாமம் / பேசப் பிறவிக் கடலைத் தாண்டும்’ என்று அனுப்பியிருந்தார். அளவு கச்சிதம். ஆனால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கீழேயே பதில் போட்டார்: ‘தாண்டும்’ என்ற முற்று பலர்பாலுக்கு வராது, ‘எவரும் தாண்டும்’ பிழை. பழைய வரியில் ‘புலையன்’ ஒருமை என்பதால் தப்பித்தது. ஆளை மாற்றும்போது வினையையும் பாருங்கள்.

என் சிக்கல் ‘மாசற்று’. யார் மாசற்றவர் என்று யார் தீர்மானிப்பது? தீட்டு கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிட்டது. அவருக்கு எழுதியிருக்கிறேன், ‘ஆசித்து’ என்று மாற்றிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வினை இன்னும் உதைக்கிறது.