2000 ரூபாய் நோட்டும் இரண்டு வரிக் கேப்ஷனும்: செய்திக்குறிப்பைச் சுருக்குவது எப்படி?

2023 மே 19, வெள்ளிக்கிழமை மாலை. 2000 ரூபாய் நோட்டுகளைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. அடுத்த சில நிமிடங்களில் ஒவ்வொரு செய்தி நிறுவனமும் தன் சமூக வலைதளப் பக்கத்தில் ஒரு படமும் அதற்கு இரண்டு வரியும் போட வேண்டியிருந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி இந்தக் குறிப்புதான். கலைச்சொல் மண்டியிருக்கும், சொல்ல வேண்டிய சேதி ஒன்றே ஒன்று இருக்கும், ஒரு சொல் பிசகினால் ஊரே கலவரமாகும்.

படி 1: மொழிபெயர்க்காதீர்கள், முழுதாகப் படியுங்கள்

ஆங்கிலக் குறிப்பு வந்ததும் முதல் பத்தியைத் தமிழாக்கத் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. இந்தக் குறிப்பின் தொடக்கத்தில் இருப்பது வரலாறு. 2016 நவம்பரில் 2000 ரூபாய் நோட்டு ஏன் வந்தது, 2018-19இல் அச்சடிப்பது எப்படி நின்றது, புழக்கத்திலுள்ள பணத்தில் அதன் பங்கு 37.3 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக எப்படிச் சுருங்கியது என்றெல்லாம் விளக்கிய பிறகுதான் முடிவு வருகிறது. மக்களுக்கு வேண்டிய தேதிகளும் வரம்பும் அதற்கும் கீழே இருக்கின்றன.

எனவே பென்சிலோடு கடைசி வரி வரை போங்கள். படிப்பவர் நாளை காலை செய்யப்போகும் ஏதாவது ஒன்றை மாற்றக்கூடிய வரிகளின் கீழ் மட்டும் கோடு போடுங்கள். இந்தக் குறிப்பில் ஐந்து வரிகள் தேறும். நோட்டு திரும்பப் பெறப்படுகிறது. அது சட்டப்படி தொடர்ந்து செல்லும். மே 23 முதல் எந்த வங்கியிலும், ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம். கணக்கில் செலுத்தலாம். இந்த வசதி செப்டம்பர் 30 வரை இருக்கும்.

படி 2: ஐந்தில் ஒன்றைப் பிடியுங்கள்

நான் செய்வது இதுதான். குறிப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சமையலறையில் இருக்கும் அம்மாவிடம் சொல்வதுபோல ஒரு வாக்கியம் சொல்லிப் பார்ப்பேன். “அம்மா, 2000 ரூபாய் நோட்டைத் திரும்ப வாங்கப்போகிறார்களாம்.” உடனே அவர் என்ன கேட்பார்? “அப்படியானால் என் டப்பாவில் இருப்பது செல்லாதா?” 2016 நவம்பர் 8 இரவைப் பார்த்த யாரும் இதைத்தான் கேட்பார்கள். அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆயின. இந்த முறை அப்படி இல்லை.

ஆக, இங்கே செய்தி ஒன்றுதான், ஆனால் அதற்கு இரண்டு கால்கள்: நோட்டு திரும்பப் பெறப்படுகிறது, ஆனால் செல்லும். ஒரு காலை வெட்டினால் செய்தி நொண்டுவதோடு நிற்காது, பொய்யாகிவிடும். சதவீதக் கணக்கை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், செய்தி அப்படியே நிற்கும். “செல்லும்” என்பதை எடுத்துவிட்டால் நாளைக் காலை பெட்டிக்கடை அண்ணாச்சி நோட்டை வாங்க மறுப்பார். எதை எடுத்தால் இப்படி ஒன்று நடக்குமோ அதுதான் தங்க வேண்டிய தகவல்.

படி 3: கலைச்சொல்லை மூன்றாகப் பிரியுங்கள்

சில சொற்களை அப்படியே தூக்கி எறியலாம். இந்த நடவடிக்கைக்கான காரணங்களில் ஒன்றாக ரிசர்வ் வங்கி சொல்வது, கிழிந்த, நைந்த நோட்டுகளுக்குப் பதில் நல்ல நோட்டுகள் புழங்கச் செய்யும் ‘தூய நோட்டுக் கொள்கை’. விரிவான கட்டுரையில் அதற்கு இடமுண்டு. இரண்டு வரியில் இல்லை.

சில சொற்களை வீட்டுப் பேச்சுக்கு இறக்க வேண்டும். ‘லீகல் டெண்டர்’ என்பதைச் ‘சட்டப்பூர்வ செலாவணி’ என்று எழுதினால் ஒரு பூட்டைக் கழற்றி இன்னொரு பூட்டை மாட்டிய கதைதான். தமிழில் இதற்கு நாள்தோறும் புழங்கும் ஒரே சொல் இருக்கிறது: செல்லும். ‘2000 ரூபாய் மதிப்பிலக்க வங்கித்தாள்’ என்பது 2000 ரூபாய் நோட்டு. ‘உடனடியாக அமலுக்கு வரும் வகையில்’ என்பது இன்று முதல்.

மூன்றாவது வகைதான் ஆபத்து. பார்க்க வெறும் அலங்காரம்போல இருக்கும், உள்ளே பொருளைத் தாங்கிக்கொண்டிருக்கும். ‘ஒரு தடவைக்கு’ என்ற சொல்லைப் பாருங்கள். இடம் போதவில்லை என்று அதை வெட்டினால், “20,000 ரூபாய் வரை மாற்றலாம்” என்று நிற்கும். படிப்பவர், மொத்தமே பத்து நோட்டுதான் மாற்ற முடியும் என்று நினைப்பார். அது தவறு. இந்த வரம்பு நோட்டை நோட்டாக மாற்றுவதற்கு, அதுவும் ஒரு தடவைக்கு மட்டுமே. வழக்கமான அடையாள விதிகளுக்கு உட்பட்டுக் கணக்கில் செலுத்த இந்த வரம்பு கிடையாது.

படி 4: எழுதுங்கள், எழுதியதை அடியுங்கள்

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“தூய நோட்டுக் கொள்கையின் அடிப்படையில் 2000 ரூபாய் மதிப்பிலான வங்கித்தாள்களைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற இந்திய ரிசர்வ் வங்கி முடிவெடுத்துள்ளது.”

பிழை எதுவும் இல்லை. ஆனால் வாசகரின் கேள்விக்குப் பதிலும் இல்லை. இதைச் சுருக்கச் சொன்னால் அடுத்த வரைவு எதிர்முனைக்கு ஓடும்:

“2000 ரூபாய் நோட்டு இனி செல்லாது!”

கச்சிதமான வரி, சுத்தப் பொய். அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். மூன்றாவது வரைவு:

“2000 ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுகிறது. ஆனால் நோட்டு செல்லும். செப்டம்பர் 30-க்குள் மாற்றாவிட்டால் செல்லாது.”

முதல் இரண்டு வாக்கியங்கள் சரி. மூன்றாவது வாக்கியம் குறிப்பில் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது. மாற்றும் வசதி செப்டம்பர் 30 வரை உண்டு என்றுதான் குறிப்பு சொல்கிறது. அதற்குப் பிறகு நோட்டு என்னவாகும் என்பது நாமாகச் சேர்த்த ஊகம். பின்னால் நடந்தது வேறு. கெடு அக்டோபர் 7 வரை நீண்டது. அதற்குப் பின்னரும் ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் நோட்டை மாற்ற முடிந்தது, நோட்டும் செல்லுபடியாகவே இருந்தது.

படி 5: விரலை வைத்துச் சரிபாருங்கள்

எழுதிய ஒவ்வொரு சொல்லின் மீதும் ஒரு விரல், மூலக்குறிப்பில் அது இருக்கும் இடத்தில் இன்னொரு விரல். வினைச்சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். குறிப்பில் ‘மாற்றலாம்’ என்றிருக்க, நாம் ‘மாற்ற வேண்டும்’ என்று எழுதினால் வசதி உத்தரவாகிவிடும்.

நீளத்தையும் இப்போதே பாருங்கள். இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், மீதி மடிப்புக்குள் போய்விடும். தமிழுக்கு இது இன்னும் நெருக்கடி. ‘நோட்டு’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினியோ ந, ஓகாரக்குறி, ட, புள்ளி, ட, உகரக்குறி என்று ஆறாக எண்ணும். அதனால் இரண்டு கால்களும் மடிப்புக்கு மேலேயே இருக்கும்படி முதலில் வையுங்கள், தேதியும் வரம்பும் கீழே போகட்டும்.

படத்தையும் மறந்துவிடாதீர்கள். 2016இல் ஏ.டி.எம். வாசலில் நின்ற வரிசையின் படத்தைப் போட்டால், ‘செல்லும்’ என்று நீங்கள் எழுதியதை அந்தப் படமே மறுத்துவிடும். வெறும் நோட்டின் படம் போதும். அதன் கீழே:

“2000 ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுகிறது. ஆனால் நோட்டு செல்லும்.

மே 23 முதல் செப்டம்பர் 30 வரை எந்த வங்கியிலும் மாற்றிக்கொள்ளலாம், ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை. கணக்கிலும் செலுத்தலாம்.”