கொள்ளிடத்தில் வெள்ளம் என்று ஒரு காணொளி வந்தால்: வெளியிடும் முன் சரிபார்ப்பது எப்படி?

ஒரு டிசம்பர் காலை, மணி 7:10. மழை விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. செய்தி மேசையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு 41 விநாடி காணொளி ஒன்று வந்தது. ஆறு முட்ட முட்டச் செம்பழுப்பு நீர், இடுப்பளவு தண்ணீரில் நான்கைந்து வீடுகள், கரைச்சாலையில் கூட்டம். கீழே ஒரு வரி: "கொள்ளிடக் கரை இன்று அதிகாலை உடைந்தது, ஊர் மூழ்குகிறது." அனுப்பியவர் மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடத்தின் தென்கரையை ஒட்டிய ஊர்க்காரர். அதற்கு முன்பும் எங்களுக்கு நல்ல செய்திகள் தந்தவர்.

இந்த ஒரு காணொளியை வைத்தே முறையைச் சொல்கிறேன். டெல்டாவில் இப்படி வருபவை பெரும்பாலும் வேறு நாட்டுக் காட்சிகளாக இருப்பதில்லை. இடம் உண்மையாகவே இருக்கும், பொய்யாக இருப்பது நாள். அதே ஆறு, அதே கரை, அதே வளைவில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளம் வருகிறது. அதனால் பழைய காட்சியைப் பார்க்கும் உள்ளூர்க்காரரே "ஆமாம், இது எங்கள் ஊர்தான்" என்று சான்று சொல்லிவிடுவார். அங்கேதான் நாம் விழுகிறோம்.

முதல் படி: கணினியைத் தொடும் முன் தொலைபேசியை எடுங்கள்

அனுப்பியவரை அழைத்து முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது உண்மையா?" என்பதல்ல. உண்மை என்றுதான் அவர் நம்புகிறார், அதனால்தான் அனுப்பினார். "தம்பி, இதை நீங்களே எடுத்தீர்களா?" என்று கேளுங்கள்.

"இல்லை சார், எங்கள் ஊர்க் குழுவில் வந்தது. மாமா பையன் போட்டான்."

"அவர் எடுத்ததா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். இன்று காலை இல்லாவிட்டால் நேற்றுக் காலையாக இருக்கும்."

இரண்டே பதிலில் 'இன்று அதிகாலை' ஆட்டம் கண்டுவிட்டது. எடுத்தவரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவரே எடுத்திருந்தால் எந்த இடத்தில் நின்றார், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தார், அதற்கு முன்னும் பின்னும் வேறு படம் எடுத்தாரா என்று கேளுங்கள். உண்மையில் அங்கே நின்றவரிடம் ஒரே ஒரு துண்டுக் காணொளி இருப்பது அரிது. மங்கலாகவோ கை நடுங்கியோ இன்னும் இரண்டு இருக்கும். ஆனால், "இன்னொரு முறை போய் எடுத்து அனுப்புங்கள்" என்று மட்டும் எந்நாளும் சொல்லாதீர்கள். வெள்ளக் கரையில் ஓர் ஆளை நிறுத்தும் பொறுப்பு நம்முடையதாகிவிடும்.

மூலக் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படும், எடுத்த நேரமும் இடமும் பெரும்பாலும் அழிந்துவிடும். அதையே `Document` என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே வந்து சேரும்.

இரண்டாம் படி: கோப்பின் பெயரை நம்பாதீர்கள்

புதியவர்கள் தவறாமல் ஏமாறும் இடம் இது. தொலைபேசியில் சேமித்த காணொளியின் பெயர் `VID-20241214-WA0007.mp4` என்று இருந்தால், அது டிசம்பர் 14 அன்று எடுக்கப்பட்டது என்று பொருளல்ல. அந்த எண் வாட்ஸ்அப் வழியாகக் கோப்பு அந்தத் தொலைபேசிக்கு வந்த நாளைத்தான் காட்டுகிறது. பத்து ஆண்டு பழைய காட்சியும் இன்று வந்தால் இன்றைய தேதியைப் போட்டுக்கொண்டு நிற்கும்.

மூலக் கோப்பு கிடைத்தால் அதன் உள்ளே பதிந்திருப்பதை `exiftool` என்ற நிரலால் பாருங்கள்:

```
exiftool -a -G1 -time:all video.mp4
```

வரும் வரிகளில் `Create Date` என்பதைத் தேடுங்கள். காணொளிக் கோப்புகளில் இது வழக்கமாக உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரம் அல்ல. ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்ட மறந்து, காலைக் காட்சியை விடியலுக்கு முந்தையது என்று நினைத்து உண்மையான காணொளியையே போலி என்று ஒதுக்கியவர்களும் உண்டு. `File Modify Date` என்ற வரியைப் பொருட்படுத்தாதீர்கள். அது கோப்பு உங்கள் கணினிக்கு வந்த நேரம்.

எங்களுக்கு அந்த நிமிடம் மூலக் கோப்பு இல்லை. மாமா பையன் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே காட்சியையே கேட்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் படி: தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தேடுங்கள்

```
ffmpeg -i video.mp4 -vf fps=1 frame_%03d.png
```

`ffmpeg` என்ற நிரலுக்கான இந்தக் கட்டளை காணொளியிலிருந்து விநாடிக்கு ஒரு படம் எடுத்துத் தரும். தண்ணீர் மட்டும் தெரியும் படத்தைத் தேடுபொறியில் போடாதீர்கள். செம்பழுப்பு நீர் உலகெங்கும் ஒன்றுபோலவே இருக்கும். மின்கம்பம், கோயில், பெயர்ப்பலகை, வண்டியின் பக்கவாட்டு என்று ஏதேனும் நிலையான பொருள் உள்ள படத்தைத் தேர்ந்தெடுத்துக் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் இரண்டிலும் தேடுங்கள். பழைய பதிவு சிக்கினால் வேலை அங்கேயே முடிந்தது. சிக்காவிட்டால் அது புதியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊர்க் குழுக்களுக்குள் மட்டும் சுற்றும் காணொளி எந்தத் தேடுபொறியின் கண்ணிலும் பட்டிருக்காது. எங்களுக்கும் ஒன்றும் சிக்கவில்லை.

நான்காம் படி: எங்கே நிற்கிறோம்?

டெல்டாவில் திசை கண்டுபிடிக்க ஆறே போதும். மிதந்து போகும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். ஆறு ஏறத்தாழக் கிழக்கே ஓடுகிறது. ஆற்றைப் பார்த்து நிற்பவருக்கு இடமிருந்து வலமாக நீர் ஓடினால் அவர் தென்கரையில் வடக்கு நோக்கி நிற்கிறார். கொள்ளிடத்தின் இந்தப் பகுதியில் தென்கரை மயிலாடுதுறை மாவட்டம், வடகரை கடலூர் மாவட்டம். முகம் பார்க்க எடுக்கும் கேமராவில் எடுத்த காட்சி இடவலம் மாறியிருக்கலாம் என்பதால், பலகையில் உள்ள தமிழ் எழுத்து நேராகத் தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கோயில் கோபுரத்தை வைத்துக் கிழக்கைத் தீர்மானிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மேற்கு பார்த்த கோயில்களும் இங்கே குறைவில்லை, ஆகவே செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பதே நல்லது.

அந்தப் படத்தைத் திறந்தபோது இன்னொன்றும் தெளிந்தது. நீரில் நின்ற வீடுகள் கரைக்கு வெளியே இல்லை, கரைக்கும் ஆற்றுக்கும் இடையே படுகையில் இருந்தன. கீழ்க் கொள்ளிடத்தில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களின் பெயரிலேயே படுகையும் திட்டும் மணலும் இருக்கின்றன. பெருவெள்ளம் வரும்போது இத்தகைய இடங்களுக்குள் தண்ணீர் புகுவதற்குக் கரை உடையத் தேவையே இல்லை. வீட்டுக்குள் நீர் வந்தது என்பது ஒரு செய்தி. கரை உடைந்தது என்பது முற்றிலும் வேறு செய்தி, அதைக் கேட்டு ஒரு வட்டாரமே மூட்டை கட்டும். காணொளியின் 41 விநாடியிலும் உடைப்பு என்று ஒன்று தெரியவில்லை.

ஐந்தாம் படி: நிழல்

கரைச்சாலையில் ஒருவர் வெயிலில் நின்றார். அவருடைய நிழல் அவர் உயரத்தைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தது. டிசம்பர் நடுவில் மயிலாடுதுறைப் பக்கம் சூரியன் எழுவது 6:20 மணியை ஒட்டி. காணொளி நம் கைக்கு வந்ததே 7:10 மணிக்கு. அந்த நேரத்தில் நிழல் ஆள் உயரத்தைப் போல் ஐந்தாறு மடங்கு நீண்டிருக்க வேண்டும். எனவே 'இன்று அதிகாலை' என்பது இயலாத காரியம்.

நேற்றுக் காலை பத்து மணியாக இருந்தால்? அதற்குத்தான் நிழலின் திசை. நம் டெல்டா ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 11 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் நமக்கு வடபுறமாகவே செல்கிறது, ஆகவே நிழல் எந்நேரமும் சற்றேனும் தெற்கே சாயும். செப்டம்பர் கடைசி முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரை சூரியன் தென்புறம், நிழல் எப்போதும் வடக்கே சாயும். மேட்டூர் நிரம்பி வரும் ஆடி வெள்ளத்தையும் வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தையும் பிரித்துக்காட்ட இதைவிட வசதியான அடையாளம் எனக்குத் தெரியாது.

அந்த இடத்தில் கரைச்சாலை ஏறத்தாழக் கிழக்கு மேற்காக ஓடுகிறது, ஆறு அதற்கு வடக்கே. டிசம்பர் காலை என்றால் நிழல் வடமேற்காக, ஆற்றை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். காணொளியிலோ அது சாலையோடு மேற்கே போய், சற்றே தெற்காக, ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கியிருந்தது. எந்த நாளில் எந்நேரம் சூரியன் எங்கே நிற்கும் என்று காட்டும் `suncalc.org` தளத்தில் இடத்தைக் குறித்து ஆகஸ்ட் முதல் வாரம், காலை ஒன்பதரை என்று வைத்துப் பார்த்தேன். நிழலின் கோடு பொருந்தியது. டிசம்பருக்கு மாற்றினால் ஐம்பது பாகைக்கு மேல் விலகியது. இரண்டு மூன்று பாகை வேறுபாட்டை வைத்து யாரையும் பொய்யர் ஆக்கக் கூடாது, இவ்வளவு விலகினால் பேச்சே இல்லை.

இந்த வழியின் குறை, ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் பெரும்பாலும் வெயிலே இருக்காது. நிழல் இல்லாத காட்சியில் வயலைப் பாருங்கள், வண்டிகளைப் பாருங்கள், கட்டடங்களைப் பாருங்கள். திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் முழுதாக நிற்கும் காட்சி என்றால், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிவதற்கு முன் எடுத்தது.

ஆறாம் படி: ஆற்றை அறிந்தவர்களிடம் கேளுங்கள்

நீர்வளத் துறையின் உள்ளூர்ப் பிரிவு அலுவலகத்தில் முக்கொம்பிலிருந்தும் கல்லணையிலிருந்தும் கொள்ளிடத்தில் விடப்படும் நீர் எத்தனை கன அடி என்று கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கரையின் நிலையைக் கேளுங்கள். மேலே குறைவாக விடுகிறார்கள் என்பது மட்டும் போதாது. நந்தியாறு, மருதையாறு போன்றவை வடக்கேயிருந்து மழைநீரைக் கொண்டுவந்து கொள்ளிடத்தில் சேர்க்கின்றன. அன்று கிராம நிர்வாக அலுவலர் கரைமேலேயே நின்று பேசினார். தண்ணீர் படுகை வீடுகளைத் தொடவில்லை, கரை நன்றாக இருக்கிறது என்றார்.

8:05 மணிக்குக் காணொளி இல்லாமல், கரை உடைந்ததாகப் பரவும் தகவல் தவறு என்று நான்கு வரி போட்டோம். அதற்குள் இரண்டு இடங்களில் அது 'அதிர்ச்சிக் காட்சி' ஆகியிருந்தது.

மாமா பையன் பத்தரைக்கு அழைத்தார், மூலக் கோப்பை `Document` ஆகவே அனுப்பினார். அதில் இருந்த வரி:

```
Create Date : 2022:08:05 04:12:30
```

ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை 9:42. குழுவில் பழைய நினைவாக அதைப் போட்டதாகவும், கரை உடைந்தது என்ற வரியைத் தான் எழுதவில்லை என்றும் சொன்னார்.

கோப்பைப் பெயர் மாற்றி, இடமும் நாளும் எழுதி, பழைய வெள்ளக் காட்சிகள் அடைவில் வைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் அதே காணொளி வேறொரு ஊரின் பெயரோடு வந்தபோது, அடைவைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆயிற்று.