டிராயிங்கில் எழுதாத அளவை எடுப்பது எப்படி? ஒரு கன்வேயர் ரோலரை வைத்துப் பார்ப்போம்

ரோலர் பைப்பின் இரண்டு முனையிலும் 6204 பேரிங் உட்காரும். பேரிங் உள்ளே போய் முட்டி நிற்க, துளையில் இரு பக்கமும் ஒரு படி கடைந்திருக்கும். இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? பேரிங்குகளின் உள்வளையங்களுக்கு இடையில் போடும் ஸ்பேசரின் நீளம் அதுதான். டிராயிங்கில் அந்த அளவைத் தேடினால் கிடைக்காது.

தாளில் இருப்பது இவ்வளவுதான்: ஸ்கேல் 1:2. மேலே பைப்பின் தோற்றம், நடுவில் இரண்டு நெளிகோடு போட்டு உடைத்துக் காட்டியது, மொத்த நீளம் 720. கீழே A-A செக்‌ஷன், அதுவும் அதே மாதிரி உடைத்தது. அதில் 22, 8, 16 என்று மூன்று ஆழங்கள்.

முதலில் செக்‌ஷன்

சாய்கோடு போட்ட இடம் வெட்டுப்பட்ட இரும்பு. கோடு இல்லாத இடம் துளை. நம் படத்தில் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. இரண்டும் ஒரே பைப் என்பதால் சாய்கோடுகள் ஒரே திசையில் ஒரே இடைவெளியில் இருக்கும். இடது முனையிலிருந்து உள்ளே போங்கள். பட்டை மெலிதாகத் தொடங்குகிறது, அங்கே துளை விட்டம் 47. பிறகு சட்டென்று தடிக்கிறது, விட்டம் 40 ஆகிறது. அப்படித் தடிக்கும் இடத்தில் நிற்கும் செங்குத்துக் கோடுதான் படி. பேரிங்கின் வெளி விட்டம் 47, அதனால் இங்கேதான் அது முட்டும்.

வலது முனையில் பட்டை இரண்டு முறை தடிக்கிறது. வாயில் விட்டம் 52-க்கு சீல் உட்காரும் பள்ளம், அதற்கு உள்ளே 47, அப்புறம்தான் 40. நமக்கு வேண்டியது இரண்டாவது படி.

அளவு எங்கே தொடங்குகிறது?

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அம்புக்குறி முட்டும் மெல்லிய கோட்டை விரலால் பின்தொடர்ந்து, அது பைப்பை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். இடது பக்க 22 முனையிலிருந்து படி வரை. வலது பக்க 8 முனையிலிருந்து பள்ளத்தின் அடி வரை. 16 முனையிலிருந்து அல்ல, பள்ளத்தின் அடியிலிருந்து தொடங்குகிறது. ஆக வலது படி முனையிலிருந்து 8 + 16 = 24.

உடைத்த படம்

நெளிகோடுகளுக்கு நடுவே ஒரே மாதிரி போகும் நீளத்தை வரைபவர் தாளில் இடம் போதாமல் எடுத்துவிட்டார். எடுத்தது படத்திலிருந்துதான். 720 என்ற அளவுக்கோடு நெளிகோட்டைத் தாண்டி முழுசாக ஓடுகிறது. அது உண்மை நீளம். ஆனால் தாளில் அடிமட்டம் வைத்துப் படிக்குப் படி அளந்து இரண்டால் பெருக்கினால் வரும் எண் வெறும் குப்பை.

நெளிகோட்டைத் தாண்டாத அளவுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 16-ல் சந்தேகமா? ஸ்கேல் பிசகாத பிரிண்ட் என்றால் வாயிலிருந்து படி வரை தாளில் 12 மி.மீ. வரும், அதாவது 24. அடிமட்டத்தை இப்படிச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அளந்து வேலை செய்யக்கூடாது.

கழித்தல்

```
720 - 22 - (8 + 16) = 674
```

16-ஐ முனையிலிருந்து என்று எடுத்திருந்தால் 682 வரும். அந்த நீளத்துக்கு வெட்டிய ஸ்பேசர் வலது பேரிங்கைப் படியிலிருந்து 8 மி.மீ. வெளியே நிறுத்தும். பேரிங் அகலம் 14. அது சீல் பள்ளத்துக்குள் 6 மி.மீ. நீட்டிக்கொண்டு வரும், சீல் உட்காராது.

674-ஐ எவ்வளவு நம்பலாம்?

எழுதாத அளவுக்குத் தனி டாலரன்ஸ் கிடையாது. கழித்து எடுத்தாலும் எல்லா டாலரன்ஸும் கூடித்தான் சேரும். நம் டிராயிங்கில் 720-க்கு ±0.5, மற்ற மூன்றுக்கும் தலா ±0.1. மொத்தம் ±0.8. அதாவது வரைபடப்படி சரியான பைப்பிலேயே படிகளின் தூரம் 673.2 முதல் 674.8 வரை எதுவாகவும் இருக்கலாம். ஸ்பேசர் குட்டையாகிவிட்டால், நட்டை இறுக்கும்போது உள்வளையங்கள் உள்பக்கம் இழுபட, வெளிவளையங்கள் படியில் முட்டி நிற்கும். ரோலர் கையால் சுற்றவே கனமாக இருக்கும், ஓடினால் பேரிங் சூடாகும்.

அதனால் கடைந்து முடிந்த பைப்பின் நீளத்தை அளந்து, டெப்த் கேஜை இரண்டு முனையிலும் படி வரை இறக்கி ஆழம் எடுத்து, அந்த எண்களால் அதே கழித்தலைப் போட்டு, பிறகு ஸ்பேசரை வெட்டுங்கள். நூறு பைப்புக்கு ஒரே ஸ்பேசர் என்றால் இது நடக்காது. படிக்குப் படி அளவை நேரடியாக டாலரன்ஸோடு போட்டு, 720 அல்லது ஓர் ஆழத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளித் தரச் சொல்லி டிசைன் ஆபீஸைக் கேட்க வேண்டும். நீங்களாக 674 என்று டிராயிங்கில் பேனாவால் எழுத நேர்ந்தால் (674) என்றே எழுதுங்கள். அடைப்புக்குறி இருந்தால்தான் கடைசல்காரர் அதைத் தகவலுக்கான எண்ணாக எடுத்துக்கொள்வார்.