அட்வான்ஸ் டாக்ஸ்: “ஜூலையில் பார்த்துக்கலாம்” என்று விட்டால் என்ன ஆகும்?

ரிட்டர்ன் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டே வந்து, கடைசியில் 234பி, 234சி என்ற இரண்டு வட்டிக் கட்டங்களில் ஆயிரக்கணக்கில் தொகை ஏறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் ஃப்ரீலான்ஸ் நண்பர்கள் பலர் எனக்குப் போன் செய்கிறார்கள். “வரியைக் கட்டத்தானே உட்கார்ந்திருக்கேன், அப்புறம் எதுக்கு வட்டி?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஜூலையில் ரிட்டர்ன் போடுவது கணக்கு காட்டத்தான். பணம் அதற்கு முன்பே, சம்பாதிக்கும் ஆண்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சம்பளக்காரருக்கு அந்த வேலையை நிறுவனம் மாதாமாதம் செய்துவிடுகிறது. நமக்கு யாரும் பிடிப்பதில்லை என்பதால் நாமே முன்கூட்டிக் கட்ட வேண்டும். அதுதான் அட்வான்ஸ் டாக்ஸ். டிடிஎஸ் போக ஆண்டு வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரும் என்றால் இது கட்டாயம்.

தவணைகள் நான்கு. ஜூன் 15-க்குள் ஆண்டு வரியில் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் 100. இவை மொத்தமாகச் சேர்ந்திருக்க வேண்டிய அளவுகள். செப்டம்பரில் புதிதாக 45 சதவீதம் கட்ட வேண்டும் என்று சிலர் பயந்துவிடுகிறார்கள். ஜூனில் 15 கட்டியிருந்தால் செப்டம்பரில் இன்னும் 30 கட்டினால் போதும்.

இனி ஒரு கணக்கு. மதுரையில் இருந்தபடி வெளிநாட்டு ஏஜென்சிகளுக்கு வேலை செய்யும் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்துக்கொள்வோம். அந்த ஏஜென்சிகள் டிடிஎஸ் பிடிப்பதில்லை. 2025-26 நிதியாண்டின் ஜூன் மாதத்தில் அவர் உட்கார்ந்து யோசிக்கிறார்: செலவு போக இந்த வருடம் 12 லட்சம் நிற்கும். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். அதனால் ஜூனிலும் செப்டம்பரிலும் ஒன்றும் கட்டவில்லை. நவம்பரில் ஒரு பெரிய வேலை வந்து, ஆண்டு வருமானம் 18 லட்சம் ஆகிவிடுகிறது. 12 லட்சத்தை இவ்வளவு தாண்டியதும் தள்ளுபடி முழுவதும் போய்விடும். வரி 1,60,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 6,400. ஆக 1,66,400 ரூபாய்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். “ஜூனில் எனக்குத் தெரியாதே, அதனால் ஜூன் தவணைக்கு வட்டி வராது” என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆண்டு முடிவில் வந்த வரியை எடுத்து, அதில் 15 சதவீதம் ஜூன் 15-க்குள் வந்ததா என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. எதிர்பாராமல் வந்ததற்குச் சலுகை உண்டு. ஆனால் அது மூலதன ஆதாயம், டிவிடெண்ட், லாட்டரிப் பரிசு போன்றவற்றுக்கும், தொழில் வருமானம் முதன்முதலாக வரும் ஆண்டுக்கும்தான். வேலையை விட்டுவிட்டு அக்டோபரில் ஃப்ரீலான்ஸ் தொடங்கியவர் மீதமிருக்கும் தவணைகளில் கட்டிவிட்டால் தப்பிக்கலாம். நம் மொழிபெயர்ப்பாளருக்கு இது நான்காவது ஆண்டு என்றால் அந்த வழி இல்லை.

அவருக்கு வரும் வட்டியைப் பார்ப்போம். முதல் மூன்று தவணைகளிலும் குறைவிழுந்த தொகைக்கு 234சி-யின் கீழ் மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாத வட்டி, அதாவது 3 சதவீதம். குறைவிழுந்த தொகையை நூறு ரூபாய்க்குக் கீழ்நோக்கி முழுமையாக்குவார்கள். ஜூனில் வந்திருக்க வேண்டியது 24,960. அதை 24,900 என்று வைத்து 3 சதவீதம் போட்டால் 747 ரூபாய். செப்டம்பருக்கு 74,800-க்கு 2,244. ஆக 2,991 ரூபாய் போனது போனதுதான். ஆனால் நவம்பரில் அந்த வேலை கையில் வந்ததுமே கணக்கை மறுபடி போட்டு, டிசம்பர் 15-க்குள் 1,24,800 ரூபாயும், மார்ச் 15-க்குள் மீதி 41,600 ரூபாயும் கட்டிவிட்டால் இழப்பு அதோடு நிற்கும்.

கட்டாமல் விட்டால் டிசம்பருக்கு 3,744, மார்ச்சுக்கு ஒரு மாத வட்டியாக 1,664. மொத்தம் 8,399. மார்ச் 31-க்குள் குறைந்தது 90 சதவீத வரியாவது உள்ளே போயிருக்கவில்லை என்றால் ஏப்ரல் 1 முதல் 234பி-யின் கீழ் தனியாக மாதம் 1 சதவீதம் ஓடத் தொடங்கும். ஜூலை 20-ஆம் தேதி கட்டினால் நான்கு மாதக் கணக்கு, 6,656 ரூபாய். இரண்டும் சேர்ந்து 15,055. இந்த வட்டியைத் தொழில் செலவாகக் காட்டிக் கழிக்கவும் முடியாது.

தேதியைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 234சி வட்டி நாள்கணக்கு பார்க்காது. செப்டம்பர் 16-இல் கட்டினாலும் அந்தத் தவணைக்கு முழு மூன்று மாத வட்டிதான். அதனால் கடைசி நாள் இரவு நெட்பேங்கிங்கைத் திறப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். அதேபோல மார்ச் 15 தவறிவிட்டது என்று மனம் விட்டுவிடவும் கூடாது. மார்ச் 31-க்குள் கட்டுவதும் அட்வான்ஸ் டாக்ஸ்தான். மேலே சொன்ன 6,656 ரூபாய் மிச்சம்.

வருமானம் ஏறி இறங்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சட்டத்திலேயே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். ஜூனில் 15-க்குப் பதில் 12 சதவீதமும், செப்டம்பரில் 45-க்குப் பதில் 36 சதவீதமும் எட்டியிருந்தால் அந்தத் தவணைகளுக்கு வட்டியே கிடையாது. டிசம்பருக்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு இன்வாய்ஸ் பணம் வந்தவுடனும் ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்கிவிட்டு, தவணைக்கு ஒரு வாரம் முன்பு அதுவரை வந்ததையும் இனி வரப்போவதையும் கூட்டிப் பார்க்கச் சொல்வேன்.

அடுத்தது 44ஏடிஏ. வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் இந்த வழியில் போகிறவர்களுக்குத் தவணை ஒன்றே ஒன்று, மார்ச் 15-க்குள் முழு வரி. இதைக் கேள்விப்பட்டு, ஃப்ரீலான்ஸ் என்றாலே இது பொருந்தும் என்று ஜூன், செப்டம்பர், டிசம்பரை விட்டுவிடுகிறார்கள். இது டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், தொழில்நுட்ப ஆலோசகர் என்று குறிப்பிட்ட தொழில்களுக்குத்தான். மொழிபெயர்ப்பு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவரும், வரவு 50 லட்சத்தைத் தாண்டினால் (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம்) வெளியே வந்துவிடுவார். அப்போது நான்கு தவணைக் கணக்கு ஜூனிலிருந்து அவர் மேல் விழும்.

பணம் கட்டியும் மாட்டிக்கொள்கிறவர்கள் சலானில் தவறு செய்தவர்கள். `e-Pay Tax` பக்கத்தில் `Advance Tax (100)` என்பதற்குப் பதிலாக `Self-Assessment Tax (300)` என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அல்லது 2025-26-இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டும் 2025-26 என்றே போடுவார்கள், அது 2026-27. (புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-இல் தொடங்கும் ஆண்டிலிருந்துதான் பொருந்தும். அதில் பிரிவு எண்கள் வேறு, மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லும் இல்லை.) கட்டிய கையோடு சலானைப் பதிவிறக்கி இந்த இரண்டையும் பாருங்கள். சில நாள் கழித்து 26ஏஎஸ் படிவத்திலோ ஏஐஎஸ்ஸிலோ அந்தத் தொகை சரியான ஆண்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் போர்ட்டலிலேயே சலான் திருத்தக் கோரிக்கை கொடுக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் ஜூலை வரை காத்திருக்க வேண்டாம்.