இடைவேளையில் கிளம்பிவிடாதீர்கள்

ராயபுரத்தில் ஒரு சின்னக் கூடத்தில் ஐரிஷ் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தைப் போட்டார்கள். இடைவேளையில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். "இனிமேலும் இதேதானே?" என்று ஒருவர் கேட்டார். நடந்ததே திரும்ப நடப்பது போலிருக்கும் இந்த வகை நாடகங்களைப் பார்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்.

1953இல் பாரீஸில் முதலில் மேடையேறிய இந்த நாடகத்தில் இரண்டு அங்கங்கள். இரண்டிலும் விளாதிமிர், எஸ்ட்ரகன் என்ற இரண்டு நாடோடிகள் ஒரு மரத்தடியில் கோதோவுக்காகக் காத்திருப்பார்கள், அவர் வரமாட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் மொட்டையாக நின்ற மரத்தில் இரண்டாம் அங்கத்தில் சில இலைகள் இருக்கும். முதல் நாள் கயிற்றில் கட்டிய தன் வேலைக்காரன் லக்கியை அதட்டி ஓட்டிவந்த போசோ, மறுநாள் கண் தெரியாமல் வந்து விழுவார். லக்கிக்குப் பேச்சே போயிருக்கும். முதல் நாள் எஸ்ட்ரகனுக்கு ஒரு கேரட்டாவது கிடைக்கும். மறுநாள் கேரட் தீர்ந்துவிடும், கறுப்பு முள்ளங்கிதான் கைக்கு வரும். அதை அவன் தின்னமாட்டான்.

எனக்குப் பிடித்தது கோதோவின் செய்தியோடு ஒரு பையன் வரும் இடம். முதல் அங்கத்தில் அவனே, ‘இன்று வரமாட்டாராம், நாளை நிச்சயம் வருவாராம்’ என்று சொல்வான். இரண்டாவதில் விளாதிமிரே முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிடுவான், பையன் ஆமாம் போடுவதோடு சரி. செய்தி மாறவில்லை, ஆனால் காத்திருந்தவனுக்கே அது மனப்பாடமாகிவிட்டது. முதல் தடவையைக் கவனிக்காதவருக்கு இந்த அடி விழாது. அதனால் ஒரு வசனம் திரும்ப வந்தால், இப்போது அதை யார் சொல்கிறார், முன்பு யார் சொன்னார் என்று மட்டும் பாருங்கள். இரண்டு அங்கங்களின் முடிவிலும் வரும் ‘போகலாமா?’ கூட ஆள் மாறித்தான் வரும்.

அடுத்த தவறு, கோதோ என்றால் கடவுளா, மரணமா என்று விடுகதை போல அவிழ்க்கப் பார்ப்பது. யாரென்று தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்ற பொருளில்தான் பெக்கெட்டே பதில் சொன்னார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். எந்த ரயில் என்று அங்கே யாரும் ஆராய்வதில்லை. நிற்கிற நேரத்தில் வீண் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் நடந்துவிடும். மேடையில் பூட்ஸ் கழற்றுவது, தொப்பி மாற்றுவது, திட்டிக்கொண்டு கட்டிப்பிடிப்பது எல்லாம் அந்த நேரத்தைத் தள்ளுகிற வேலைதான்.

மௌனம் விழுந்தால் நடிகர் வசனத்தை மறந்துவிட்டார் என்று பக்கத்தில் கிசுகிசுக்க வேண்டாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பெக்கெட் பிரதியிலேயே குறித்திருக்கிறார்.

சில சமயம் தப்பு மேடையில்தான். சிரிப்புக்காக எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கத்தி, மௌனங்களை முழுங்கிவிட்டால் அந்தச் சின்ன மாற்றங்கள் காதில் விழாது. அப்படிப்பட்ட நாடகத்தில் கொட்டாவி வந்தால் நீங்கள் பொறுப்பில்லை.