அழைப்பை மாற்றும் முன்: வரவேற்பு மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரலில் கனிவு வேண்டும், மணி ஒலித்துக்கொண்டே இருக்க விடக் கூடாது என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாக வரும் பயிற்சிப் பணியாளர்கள் தவறாமல் செய்வதும், எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவதுமான பிழை வேறு.

சொல்லாமல் கொள்ளாமல் அழைப்பை மாற்றிவிடுதல்

ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் பிடித்துவிட்டார்கள் என்று ஒருவர் அழைக்கிறார். பணியாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணக்குப் பிரிவின் எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தி, அங்கே யாராவது எடுத்தார்களா என்றுகூடப் பாராமல் ரிசீவரை வைத்துவிடுகிறார். அந்த இருக்கையில் ஆள் இல்லை. தொலைபேசி அமைப்பைப் பொறுத்து, அழைப்பு துண்டிக்கப்படலாம், வாய்ஸ் மெயிலுக்குப் போகலாம், அல்லது சுற்றிக்கொண்டு வரவேற்பு மேசைக்கே திரும்பலாம். அப்படித் திரும்பியதைப் புதிய அழைப்பு என்று எண்ணி, சற்றுமுன் பேசிய அதே மனிதரிடம் “வணக்கம், என்ன உதவி வேண்டும்?” என்று ஒரு பணியாளர் கேட்டபோது நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அதற்குப் பின் அந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த மேலாளரே வர வேண்டியதாயிற்று.

முறையாகச் செய்வது கடினமில்லை. பெயரையும் எண்ணையும் முதலில் எழுதிக்கொண்டு, எந்தப் பிரிவுக்கு, எதற்காக இணைக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபர் பொத்தானை அழுத்தியதும் பெரும்பாலான அமைப்புகளில் வாடிக்கையாளர் ஹோல்டில் இருப்பார். எக்ஸ்டென்ஷனை அழைத்து, எடுப்பவரிடம் “ஒரே பில்லுக்கு இருமுறை பணம் பிடித்திருக்கிறது, பில் எண் என்னிடம் இருக்கிறது, பேசுகிறீர்களா?” என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகே இணைப்பைக் கொடுங்கள். “இது எங்கள் பிரிவு அல்ல” என்ற பதில் வந்தால் அதை நீங்கள் கேட்டுக்கொள்வீர்கள். வாடிக்கையாளர் கேட்க நேராது. யாரும் எடுக்காவிட்டால் அவரிடம் திரும்பி வந்து, காத்திருக்கிறாரா, நாம் அழைக்கட்டுமா என்று கேளுங்கள்.

நான்கைந்து லைன்கள் ஒன்றாக மினுக்கும்போது எல்லோருக்கும் இதைச் செய்ய இயலாது. குறிப்பிட்ட ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்பவரை நேராக அனுப்பலாம். பணம், புகார், ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்ட அழைப்பு ஆகிய மூன்றையும் அப்படி அனுப்பாதீர்கள்.

ரிசீவரைக் கையால் பொத்துதல்

மறுமுனைக்கு எல்லாம் கேட்கும். ஹோல்ட் பொத்தானை அழுத்துங்கள்.

“உடனே கூப்பிடச் சொல்கிறேன்”

திரும்ப அழைக்க வேண்டியவர் ஒப்புக்கொள்ளாத நேரத்தை நீங்கள் வாக்களிக்காதீர்கள்.

திரையில் தெரியும் எண்ணை நம்புதல்

அது அவருடைய அலுவலகத்தின் பொது எண்ணாக இருக்கலாம். அவரிடமே கேட்டு எழுதி, இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.