பஸ் ஏறுமுன் கோப்பி: வயிறு கலக்குகிறவர்கள் விடும் தவறுகள்

என் மச்சாள் திருகோணமலை டவுனில் இருந்து மூதூருக்குப் போய்ப் படிப்பிக்கிறார். காலை ஐந்தரைக்கு ஒரு பெரிய மக் பால்கோப்பி, பத்து நிமிடத்தில் பஸ். கிண்ணியாப் பாலம் வருவதற்குள் வயிறு முறுக்கத் தொடங்கிவிடும். பஸ்ஸில் இருந்து இறங்கவும் முடியாது, அடக்கவும் முடியாது. மூதூரில் இறங்கியதும் ஓட வேண்டும். இரண்டாம் பாடம் முடியும்போது வயிறு உப்பி, மறுபடியும் தண்ணியாகப் போகும். இதை ஒரு வருடமாகத் தனக்குள்ளேயே வைத்திருந்தார்.

அவர் முதலில் செய்தது பலரும் செய்வதுதான். எல்லாம் கஃபீனால் வருகிறது என்று நினைத்து, கஃபீன் நீக்கிய கோப்பித்தூளைத் தேடி வாங்கினார். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. 1990 இல் இங்கிலாந்தில் செய்த ஒரு சிறு ஆய்வில், கோப்பி குடித்தால் மலம் கழிக்கத் தோன்றும் என்று சொன்னவர்களுக்குக் குடித்த நாலே நிமிடத்தில் பெருங்குடலின் கடைசிப் பகுதி இறுகத் தொடங்கியது. கஃபீன் நீக்கிய கோப்பிக்கும் அப்படியே நடந்தது. வெறும் சுடுதண்ணீருக்கு நடக்கவில்லை. கஃபீனுக்குப் பங்கு உண்டுதான்: 1998 இல் வந்த இன்னொரு ஆய்வில் சாதாரணக் கோப்பி, கஃபீன் நீக்கியதை விட 23 சதவீதம் கூடுதலாகக் குடலை அசைத்தது. ஆனால் கோப்பியில் உள்ள வேறு பொருட்களும் வயிற்றில் பட்டதும் குடலுக்குச் செய்தி அனுப்புகின்றன.

நாலு நிமிடத்தில் கோப்பி குடலின் கடைசி வரை போய்ச் சேராது. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் பழையதை முன்னே தள்ளும் இயல்பு எல்லோருக்கும் உண்டு. காலையில் எழும்பியதும் அது இன்னும் உசாராக இருக்கும். கோப்பி அதைத் தூண்டிவிடுகிறது. ஆகவே கோப்பி குடித்த சிறிது நேரத்தில் ஒருமுறை, வழமையான பதத்தில் போனால் அது நோயல்ல. எல்லோருக்கும் இப்படி நடப்பதும் இல்லை. அந்த 1990 ஆய்வில் 29 சதவீதம் பேர்தான் தமக்கு அப்படி என்றார்கள்.

மச்சாளுக்கு நடந்த இரண்டாவது விஷயம் வேறு. சில மணி நேரம் கழித்து உப்பி, இரைந்து, தண்ணியாகப் போவது கோப்பியின் குணம் அல்ல, பெரும்பாலும் பாலின் குணம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சீனியைச் செரிக்கும் நொதி நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குக் குறைவு. அவர் போட்டது குவித்த நாலு மேசைக்கரண்டி பால்மா, ஏறக்குறைய 40 கிராம். முழு ஆடைப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ்தான். அப்படியென்றால் ஒரே மக்கில் சுமார் 15 கிராம், அதுவும் வெறும் வயிற்றில். நொதி குறைந்தவர்களும் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரும்பாலும் தாங்குவார்கள். சாப்பாட்டோடு என்றால் இன்னும் சுலபம்.

கோப்பியையும் பாலையும் பிரித்துப் பார்க்காமல் ஒன்றைக் குறை சொல்வதுதான் பெரிய தவறு. பாடசாலை விடுமுறையில் அவரைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று நாள் வெறுங்கோப்பி. அடுத்த மூன்று நாள் கோப்பி இல்லாமல், அதே அளவு பால்மாவைச் சுடுதண்ணீரில் கரைத்து. குடித்த நேரத்தையும் வயிறு கலங்கிய நேரத்தையும் கொப்பியில் எழுதினார். வெறுங்கோப்பிக்குக் கால் மணி நேரத்துக்குள் ஒருமுறை, சுகமாகப் போனது. பால் மட்டும் குடித்த நாட்களில் காலையில் ஒன்றுமில்லை, பிறகு உப்பிசமும் வயிற்றோட்டமும்.

சரி, இப்போது என்ன செய்கிறார்? பால்மாவை இரண்டு கரண்டியாகக் குறைத்தார். சின்னக் கோப்பையில் குடிக்கிறார். முக்கியமாக, நேரத்தை மாற்றினார். முன்பு பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முன் குடித்ததை இப்போது எழும்பியதும், நாலேமுக்காலுக்குக் குடிக்கிறார். குடல் தன் வேலையை வீட்டிலேயே முடித்துவிடுகிறது. கோப்பியோடு ஒரு பிஸ்கட் தின்றால் அவசரம் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். சாப்பாடும் அதே இயல்பைத் தூண்டும் என்பதால் அதை நம்பிப் பஸ் ஏற வேண்டாம்.

பயணத்துக்கு முன் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை போடும் பழக்கமும் இருக்கிறது. தினமும் அதைப் போட்டால் மலச்சிக்கல் வரும், காரணமும் மறைந்துவிடும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் உடல் மெலிவது, இரவில் தூக்கத்தைக் கலைத்து வயிற்றால் போவது, கோப்பியை விட்டும் சில வாரங்களாக நிற்காத வயிற்றோட்டம் என்று ஏதாவது இருந்தால், கோப்பியை ஆராய்வதை விட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள்.